சிறுகதை: "கட்டில் 14" – படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்

லேப்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை, ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ராத்திரி டியூட்டியில் டாக்டர்மார் ஒருவருக்கொருவர் வார்டை ஒப்படைப்பதைப் பார்த்துப் பார்த்து எழுதிய கதை இது. ஆட்கள் கற்பனை. நோட்டு நிஜத்தில் இங்கிலீஷில்தான் இருக்கும், கதைக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நடுவில் நோட்டு வரும் இடம் இழுக்கிறதா என்று சொல்லுங்கள்.

*

அன்றைக்கு இசக்கிக்கு முதல் பாதி ராத்திரி. எட்டிலிருந்து இரண்டு வரை அவள், இரண்டிலிருந்து விடியும்வரை கார்த்திக். இரண்டு பேரும் ஹவுஸ் சர்ஜன்கள். ஆண்கள் வார்டில் கட்டில் நிறைந்து, தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

8:50க்கு சுடலைமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல்லுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர். 7:15க்கு வரப்பில் கடி. வலது கணுக்கால் வீங்கியிருந்தது, கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. மகன் போனில் படம் எடுத்து வந்திருந்தான். முதுகில் சங்கிலி கோத்தாற்போல் பழுப்பு வட்டங்கள். கண்ணாடி விரியன்.

அசிஸ்டென்ட் வந்து பார்த்தார். இசக்கி 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடி டியூபில் எடுத்து, யாரும் தொடாத மூலையில் வைத்தாள். இருபது நிமிடம் கழித்து ஒரு தடவை சாய்த்தாள். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். தண்ணீர் போல ஓடியது. 9:30க்கு விஷமுறிவு மருந்து 10 குப்பி சலைனில் ஏற ஆரம்பித்தது, 10:30க்கு முடிந்தது. அதற்குள் மூச்சுத்திணறலோடு ஒருவர், சர்க்கரை இறங்கி ஒருவர், சண்டையில் தலை உடைந்து தப்பான வார்டுக்கு வந்த ஒருவர். இசக்கி உட்காரும்போது மணி 1:40.

ஒப்படைப்பு நோட்டில் பதினோரு பேருக்கு எழுத வேண்டும். கட்டில் 14க்கு எழுதினாள்:

"பாம்புக்கடி. ஏ.எஸ்.வி. கொடுத்தாச்சு. ஸ்டேபிள். கவனிக்கவும்."

பாக்கியம் சிஸ்டர் தோளுக்கு மேலாக வாசித்தார்.

"எம்மா, கார்த்திக் டாக்டர் இந்த ஆளைப் பார்த்ததே கிடையாதுல்லா. இதை வாசிச்சிட்டு மூணரைக்கு அவரு எந்திரிப்பாரா?"

"ஏன் சிஸ்டர் மூணரை?"

"ஒன்பதரைக்கு மருந்து போட்டீங்க. ஆறு மணி நேரம் கழிச்சு ரத்தம் பார்க்கணும்லா."

இசக்கிக்கு அது தெரியும். தலைக்குள் இருந்தது, தாளில் இல்லை. அந்தத் தலை இன்னும் கால் மணி நேரத்தில் ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்கப்போகிறது.

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. எந்த வயல், எந்தக் கால், எத்தனை பல் தடம், ஒவ்வொரு மணிக்கும் பிரஷர், மகன் சொன்னது, அசிஸ்டென்ட் சொன்னது என்று ஒரு பக்கம் நிறைந்தது. மற்ற பத்துப் பேருக்கு இடமில்லை. கார்த்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். மூன்று வரி வாசித்தான், தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"ஏட்டி, கதை நல்லாத்தான் இருக்கு. நான் என்ன செய்யணும்?"

மூன்றாவது தடவை அவன் பக்கத்தில் நிற்க எழுதியது:

"கட்டில் 14. சுடலைமுத்து, 46. வார்டில் இவரை முதலில் பார்க்கவும்.

கண்ணாடி விரியன், கடி 7:15. 9:20க்கு ரத்தம் உறையவில்லை. ஏ.எஸ்.வி. 10 குப்பி, ஆரம்பம் 9:30, முடிவு 10:30. ஒவ்வாமை வரவில்லை.

3:30க்கு ரத்தம் எடுத்து 20 நிமிடம் வைக்கவும். கண்ணாடி டியூப் டிராலி மேல்தட்டில், பேர் ஒட்டி இருக்கிறது.

உறையாவிட்டால் அசிஸ்டென்டுக்குப் போன், இன்னும் 10 குப்பி. மருந்து வார்டு ஃப்ரிட்ஜில் தனியாக எடுத்து வைத்தாச்சு. உறைந்தால் காலை 9:30க்கு மறுபடி.

மூத்திரம் 10:30 முதல் 1:30 வரை 150 மி.லி. மணிக்கு 30க்குக் கீழே போனாலோ, சிவந்தாலோ, இமை இறங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே போன்.

தசையில் ஊசி வேண்டாம்."

மற்றவர்களுக்கு ஒவ்வொரு வரி போதுமானதாக இருந்தது. நான்கு பேருக்கு "காலை வரை செய்ய ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதினாள். கார்த்திக் 14ஆம் கட்டில் பக்கம் போய் நின்று, தாளைப் பார்க்காமல் ஒப்பித்தான். "மூணரைக்கு ரத்தம். ஓடினா போன், பத்து குப்பி. மூத்திரம் முப்பது." சரி என்றாள்.

3:50க்கு டியூபைச் சாய்த்தபோது ஓடியது. நான்கு மணிக்கு இரண்டாவது 10 குப்பி ஏறத் தொடங்கியது.

காலையில் இசக்கி வார்டுக்கு வந்து கார்த்திக்கின் தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் வரி: "கட்டில் 14. அடுத்த ரத்தம் காலை 10:00."

*

வீரை வாசகன்

அண்ணாச்சி, நோட்டு இழுக்கவில்லை. கதையே அந்தத் தாள்தான். எனக்கு இடித்தது வேறு. பாக்கியம் சிஸ்டர் எல்லாம் தெரிந்தவராக வந்து நிற்கிறார். சினிமாவில் வரும் பெரியம்மா மாதிரி. அவருக்கும் ஏதாவது தட்டுப்பட வேண்டாமா? இன்னொன்று, கார்த்திக்கின் நோட்டில் நேரம் 10:00. இசக்கி 9:30 என்றுதானே எழுதினாள்?

லேப்காரன்

ரத்தம் உறைந்தால் 9:30, அதாவது 3:30க்கு ஆறு மணி நேரம் கழித்து. உறையவில்லை, நான்கு மணிக்குப் புது மருந்து, அதனால் கணக்கு 10:00க்கு மாறியது. அதை வாசகர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். சிஸ்டர் பற்றிச் சொன்னது நியாயம், யோசிக்கிறேன்.

கடைசிபெஞ்ச்

நான் மெடிக்கல் ஃபைனல் இயர். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதே இல்லை. எஸ்.பி.ஏ.ஆர். என்று ஒரு ஃபார்மட் இருக்கிறது. நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை. நாலு கட்டம் அச்சடித்துக் கொடுத்தால் முதல் தடவையே சரியாக வரும். இன்னொரு விஷயம், நோட்டில் நோயாளியின் எடை இல்லை. எடை தெரியாமல் அடுத்த டாக்டர் எப்படி டோஸ் போடுவார்? இதே ஒரு சின்னப் பையனாக இருந்தால் பத்து குப்பி என்று எழுதி வைப்பதே ஆபத்து.

மெடிசின்காரர்

கடைசிபெஞ்ச் தம்பி, எடை விஷயத்தில் சறுக்கிவிட்டீர்கள். விஷமுறிவு மருந்தில் எடைக் கணக்கு கிடையாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே டோஸ்தான். மருந்து முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய விஷத்தை. எதிரே நிற்பது சின்னப் பையன் என்று பாம்பு குறைத்துச் செலுத்தாது. குழந்தைக்குக் குறைப்பது மருந்தைக் கலக்கும் சலைன் அளவைத்தான். எடை நோட்டில் வேண்டும் என்றால் மூத்திரக் கணக்குக்காக வேண்டும். கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. என்று பார்ப்போம். கதையில் வரும் 30 என்பது 60 கிலோ ஆளுக்குச் சரி.

ஃபார்மட் பற்றி: கட்டம் இருந்தால் மறதி குறையும், மறுக்கவில்லை. ஆனால் நான் வாசித்த கட்டம் போட்ட தாள்களில் பாதியில் கடைசிக் கட்டத்தில் "கவனிக்கவும்" என்றுதான் இருந்தது. கட்டம் நிரம்பிவிட்டது, சங்கதி வரவில்லை. இசக்கியின் முதல் தாளையே நாலாகப் பிரித்து அந்த ஃபார்மட்டில் எழுதலாமே. பாம்புக்கடி என்பது நிலைமை, மருந்து கொடுத்தாச்சு என்பது பின்னணி, ஸ்டேபிள் என்பது கணிப்பு, கவனிக்கவும் என்பது பரிந்துரை. முடிந்ததா? 2014இல் ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது ஆஸ்பத்திரிகளில் சோதித்து வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. அதில் இரண்டு விஷயம் தனியாக உண்டு. ஒன்று, இப்படி ஆனால் இதைச் செய் என்று முன்கூட்டியே எழுதுவது. இன்னொன்று, வாங்குபவர் திருப்பிச் சொல்வது. கார்த்திக் கட்டில் பக்கம் நின்று ஒப்பித்ததுதான் அது. லேப்காரர் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, சரியாக வந்திருக்கிறது.

முக்கூடல் ராசா

டாக்டர் கையெழுத்தைப் பற்றி ஒருவழியாக யாரோ பேசினார்களே! எங்க சித்தப்பாவுக்குப் போன கார் அறுவடையில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது ஒரு சீட்டு கொடுத்தாவ. அதை மெடிக்கல் ஸ்டோர்க்காரரே மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு மாத்திரையை விட்டுவிட்டுத்தான் கொடுத்தார். டாக்டர்களுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கதையில் இன்னும் அழுத்தமாக வந்திருக்கலாம்.

வீரை வாசகன்

ராசா அண்ணே, இசக்கி கையெழுத்து முத்து முத்தாக இருந்திருந்தாலும் அந்த முதல் தாள் உதவியிருக்காது. "கவனிக்கவும்" என்பதை அச்சில் போட்டாலும் எதைக் கவனிக்க என்று தெரியாதே. சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

முக்கூடல் ராசா

நல்லா இருக்கார். கால் மட்டும் வெயில் காலத்தில் வீங்குது. ஆனால் ஒன்று, அவருக்கு மருந்து ஏற்றி ரெண்டு மணி நேரத்தில் நாங்க சத்தம் போட்டோம், "ரத்தத்தைத் திருப்பிப் பாருங்க, இன்னும் கசியுது"ன்னு. டாக்டர் அசையவே இல்லை. நேரம் ஆகணும்னு சொல்லிட்டார். அதுதான் இந்த ஆறு மணி நேரமா? நாங்க அப்ப அலட்சியம்னு நினைச்சோம்.

மெடிசின்காரர்

அதேதான். மருந்து ரத்தத்தில் இருக்கும் விஷத்தைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். விஷம் ஏற்கெனவே தின்றுவிட்ட உறைபொருளை மருந்து திருப்பித் தராது. அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் மருந்து வேலை செய்திருந்தாலும் ரத்தம் ஓடும். அதை நம்பி இன்னும் பத்து குப்பி ஏற்றினால் மருந்தும் வீண், ஒவ்வாமைக்கு இன்னொரு வாய்ப்பும் ஆச்சு. மறுபக்கம், மூன்றரைக்குப் பார்க்க வேண்டியதைக் காலை ரவுண்ட்ஸில் எட்டரைக்குப் பார்த்தால், விஷம் மிச்சம் இருந்தால் அத்தனை நேரமும் சிறுநீரகம் அடிவாங்கும். அதனால்தான் இந்தக் கேஸில் நேரம் எழுதாத நோட்டு கிட்டத்தட்ட வெற்றுத் தாள்.

கதையில் ஒரு குறை இருக்கிறது, அது ஆபத்தான குறை. நோட்டின் கடைசி வரி "தசையில் ஊசி வேண்டாம்". ரத்தம் உறையாதவருக்கு டி.டி. ஊசியோ வலி ஊசியோ தசையில் போட்டால் உள்ளே ரத்தம் கட்டும் என்பதால் எழுதியிருக்கிறாள், சரிதான். ஆனால் நான்கு மணிக்கு இரண்டாவது டோஸ் ஏறும்போது மேலெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் என்ன செய்வது? முதல் டோஸில் ஒவ்வாமை வரவில்லை என்பது இரண்டாவதுக்கு உத்தரவாதம் இல்லை. அப்போது போட வேண்டியது அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடையில், தசையில்தான். தூக்கக் கலக்கத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் "வேண்டாம்" என்ற வரியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் தயங்கினால் போதும், ஆள் போய்விடுவார். தெளிவாக எழுதிய ஒரு தடை இப்படித் திரும்பிக் கடிக்கும். "டி.டி., வலி ஊசி இப்போது தசையில் வேண்டாம். ஒவ்வாமை வந்தால் மருந்தை நிறுத்தி, அட்ரினலின் 0.5 உடனே தொடையில். சிரிஞ்சில் எடுத்துத் தட்டில் இருக்கிறது" என்று இருக்க வேண்டும்.

பழைய சிஸ்டர்

முப்பது வருஷம் வார்டு பார்த்து ரிட்டயர் ஆனவள் எழுதுகிறேன். டாக்டர் ஐயா சொன்ன அட்ரினலின் வரியை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

எனக்குக் கதையில் பிடித்தது டிராலி மேல்தட்டில் டியூப் இருந்ததுதான். ராத்திரி மூன்றரைக்கு இந்த டெஸ்ட் நடக்காமல் போவதற்குப் பெரிய காரணம் மறதி இல்லை, டியூப் கிடைக்காததுதான். அவசரத்துக்குப் பிளாஸ்டிக் டியூபில் எடுப்பார்கள். இல்லை என்றால் பழைய கண்ணாடி டியூபை சோப்புப்பொடி போட்டுக் கழுவி வைத்திருப்பார்கள். இரண்டிலும் நல்ல ரத்தமே சரியாக உறையாது. அப்புறம் விஷம் இறங்கவில்லை என்று மருந்து மேல் மருந்து ஏறும். சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. கூட வந்திருக்கும் நல்ல ஆள் ஒருவரிடம் 2 மி.லி. வாங்கி, அதே மாதிரி டியூபில் பக்கத்தில் வைப்போம். அதுவும் ஓடினால் குற்றம் டியூபுடையது. லேபில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா.

வீரைத் தம்பி கேட்டதற்கு ஒரு யோசனை. பாக்கியத்துக்கு அன்றைக்கு முப்பத்தெட்டு பேர், கூட ஒரு ஆள்தான் டியூட்டி. நோட்டில் "ரத்தம் எடுக்கவும்" என்றுதான் இருக்கிறது, யார் எடுக்க என்று இல்லை. டாக்டர் எடுப்பார் என்று சிஸ்டர் நினைப்பார், சிஸ்டர் எடுத்து வைத்திருப்பார் என்று டாக்டர் நினைப்பார். மூன்றரை தாண்டி நாலேகால் ஆகிவிடும். நான் கண்ணால் பார்த்த சங்கதி. பாக்கியத்தை அங்கே கொஞ்சம் தடுமாற விடுங்கள், சரியாக இருக்கும்.

கடைசிபெஞ்ச்

எடை விஷயம் புரிந்தது சார், நன்றி. ஃபார்மட் பற்றி எனக்கு இன்னும் அதே கருத்துதான். பாக்கியம் சிஸ்டர் இல்லாத வார்டில் இசக்கிக்கு யார் சொல்லித் தருவார்? கட்டமாவது இருந்தால் "அடுத்தது எப்போது" என்று ஒரு காலி இடம் கண்ணில் படும்.

ஒரு சந்தேகம். ஆறு மணி நேரம் என்பது மருந்து ஆரம்பித்த நேரத்தில் இருந்தா, முடிந்த நேரத்தில் இருந்தா? கதையில் ஆரம்பத்தில் இருந்து, 9:30க்கு 3:30. எங்கள் யூனிட்டில் முடிந்த பிறகு என்று சொல்லித் தந்தார்கள். அப்படியானால் 4:30 ஆகிறது.

மெடிசின்காரர்

இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். நான் ஆரம்பத்தில் இருந்து எண்ணுவேன், என் கூட வேலை பார்க்கும் ஒருவர் முடிவில் இருந்து எண்ணுவார். எங்களுக்குள் இது தீர்ந்தபாடில்லை. அதனால்தான் இசக்கி ஆரம்பம், முடிவு இரண்டையும் எழுதியது எனக்குப் பிடித்தது. "6 மணி நேரம் கழித்து" என்று மட்டும் எழுதியிருந்தால் அவள் 3:30 என்று நினைத்திருப்பாள், கார்த்திக் 4:30 என்று படித்திருப்பான். கடிகார நேரமாக எழுதிவிட்டால் வாசிப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை.

காலிக் கட்டம் பற்றி நீங்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு கட்டம் அச்சடிக்கலாம் என்றால் நான் அதைத்தான் அடிப்பேன்.

வீரை வாசகன்

எனக்கு அந்த இரண்டாவது தாள்தான் மனதில் நிற்கிறது. முதல் தாளில் சோம்பல் என்று சொல்லிவிடலாம். இரண்டாவதில் அந்தப் பிள்ளை உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறாள், அதுவும் உதவவில்லை. அங்கே இன்னும் நாலு வரி நின்றிருக்கலாம். அவள் எழுதியதில் எதை எடுத்தாள், எதை விட்டாள் என்று.

லேப்காரன்

அது நல்ல யோசனை. பல் தடம், மணிக்கு மணி பிரஷர், மகன் சொன்ன கதை எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டும் என்றால் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் யாராவது கையை நீட்டிச் செய்ய வேண்டியதை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். மூத்திர அளவு பழைய கணக்குதான், ஆனால் அடுத்த அளவை ஒப்பிட அது வேண்டும், அதனால் நின்றது. அவள் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு போவது போல எழுதிப் பார்க்கிறேன்.

சேர்ப்பவை: அட்ரினலின் வரி, சிஸ்டர் தடுமாற்றம், "ரத்தம் எடுப்பது கார்த்திக்" என்று பேர். பழைய சிஸ்டர் அம்மா, பக்கத்தில் வைக்கும் இரண்டாவது டியூபுக்கு மகனிடம் ரத்தம் எடுப்பதாக எழுதலாமா? போனில் படம் எடுத்த பையன்தான், வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய சிஸ்டர்

எழுதுங்கள். ஆனால் எதற்கு எடுக்கிறோம் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டு எடுங்கள். இல்லை என்றால் அப்பாவுக்கு ஏற்றத்தான் எடுக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுவிடுவான், விடியும்போது ரத்தம் கொடுக்க ஒரு வேன் ஆள் வந்து நிற்கும்.

முக்கூடல் ராசா

எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஒரு வேன் போச்சு.